கடைசிக் கை

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஒட்டியிருந்த அறிவிப்புகளைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஒரு மெஷினில் கடைசியாக யார் கை பட்டதோ, அதில் வரும் கோளாறு அவர் தலையில். பத்துப் பேர் கெடுத்த மெஷினாக இருக்கலாம், பாடையில் படுத்தபடியே கடைக்குள் வந்ததாகவும் இருக்கலாம். கடைசிக் கை உன்னுடையதா, பழி உன்னுடையது. முதலாளி இதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தார். அங்கே மெஷின் பழுது பார்த்த அவள் வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது.

கடை ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் இருந்தது. கணினி விற்பது, பழுது பார்ப்பது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது முன்புறக் கவுண்டரில்தான் நிறுத்தினார்கள். "சிரிச்ச முகமா ஒரு பொண்ணு நின்னா வியாபாரம் தானா நடக்கும்" என்றார் முதலாளி. அவளிடம் சிரித்த முகம் இல்லை. பட்டம்தான் இருந்தது, அதுவும் கணினியில். குடும்பத்தில் யாரும் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மவுஸையும் பென் டிரைவையும் எடுத்துக் கொடுக்கவா இத்தனை படிப்பு என்று கேட்டுப் பார்த்தாள். கேட்டு நடக்காதபோது சண்டை போட்டாள். கடைசியில், தடுப்புக்குப் பின்னால் இருந்த சர்வீஸ் மேசையில் ஓர் ஓரமும், தனக்கென்று ஒரு ஸ்க்ரூடிரைவரும் கிடைத்தன. கூடவே ஓர் எச்சரிக்கையும்.

"ஒரு பெரிய தப்பு. அவ்வளவுதான். மறுபடியும் கவுண்டர், அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கக் கூடாது."

மேசையின் மீதி முழுவதும் டாக்டருடையது. பெரிய மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், ஹார்ட் டிஸ்குகளைக் காதோரம் வைத்துக் கேட்டு அவர் மரணச் செய்தி அறிவிப்பதுதான். "உயிர் இல்லம்மா. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க." அவர் கை தேர்ந்த கைதான், அதை அவள் மறுக்க மாட்டாள். ஆனால் தன் கை தப்பு செய்யும் என்ற செய்தி மட்டும் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவளை அவர் கூப்பிட்ட பெயர் 'பட்டதாரி'. அதில் இருந்த இனிப்பில் எறும்புகூட ஏறாது.

அன்று காலை ஸ்டுடியோ மேடத்தின் மெஷின் மேசைக்கு வந்தது. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் அம்மாள். மெஷினில் ஏற்கெனவே மூன்று டிஸ்குகள் நிரம்பி வழிந்தன. போன வாரம்தான் வேகத்துக்காக ஒரு குச்சி டிஸ்க் போட்டுக்கொண்டு போனார். சூயிங்கம் பட்டை அளவில், மதர்போர்டிலேயே நேராகச் செருகுவது. போட்டவர் டாக்டர். இப்போது இடம் போதவில்லை என்று பெரிய டிஸ்க் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வாங்கி, "மதியம் வந்து எடுத்துக்கிறேன், கல்யாணக்காரங்க என் உயிரை வாங்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பட்டதாரி, இதை நீ மாட்டு" என்றார் டாக்டர். "டேட்டா கேபிள் ஒண்ணு, பவர் கேபிள் ஒண்ணு, நாலு ஸ்க்ரூ. சின்னப் பிள்ளை வேலை."

அவள் பெட்டியைப் பிரித்து, டிஸ்கைக் கூட்டில் இறக்கி, ஸ்க்ரூ முடுக்கினாள். போர்டில் டேட்டா கேபிள் செருக ஆறு போர்ட்டுகள். முதல் மூன்றில் பழைய டிஸ்குகள், நாலாவதில் டி.வி.டி. டிரைவ். ஐந்தாவது காலி. டேட்டா கேபிளை அதில் மாட்டினாள். உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்த பவர் கேபிளை டிஸ்கில் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். திரையில் பழையவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. புதியது வரவில்லை.

கூட்டுக்குள் கையை விட்டு டிஸ்கின் முதுகைத் தொட்டாள். சுற்றுகிற டிஸ்க் என்றால் விரலில் ஒரு நடுக்கம் தெரியும். இது அம்மி மாதிரிக் கிடந்தது. கரண்டே போகவில்லை.

"என்ன, பேச்சு மூச்சைக் காணோமா?" டாக்டர் காலடியில் இருந்த வாளியைக் கிளறி ஒரு கேபிளை எடுத்து மேசைமேல் வீசினார். பிரித்துப்போட்ட மெஷின்களின் கேபிள்கள் எல்லாம் அந்த வாளியில்தான் ஒன்றோடொன்று குடும்பம் நடத்தின. "அந்தக் கேபிள் செத்திருக்கும். இதை மாட்டு."

அவள் எடுத்துப் பார்த்துவிட்டு வாளியிலேயே போட்டாள். "இது வேற கம்பெனி பவர் சப்ளையோட கேபிள், அண்ணே."

"வாய் ஒண்ணுதானே? பொருந்துதில்ல?"

"வாய் பொருந்தும். உள்ள வயர் வரிசை வேற. அஞ்சு வோல்ட் போற இடத்துல பன்னெண்டு போனா டிஸ்க் புகைஞ்சிடும். நான் மாட்ட மாட்டேன்."

"பதினெட்டு வருஷமா மாட்டுறேன்."

"அதான் உங்களுக்கு டாக்டர்னு பேர்."

டாக்டரின் முகம் கறுத்தது. அவள் கண்டுகொள்ளாமல் மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். தகடு கை நழுவித் தரையில் விழுந்து கடையே அதிர்ந்தது. உள்ளே விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் மறுமுனை பவர் சப்ளையிலேயே மாட்டப்படவில்லை. தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று யாரோ சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் மாட்டியது அவள்தான்.

"இது என் தப்பு. மறுமுனையைப் பாக்கல" என்றாள். ஒரே தடவைதான். செய்த தப்புக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்பது அவள் கட்சி.

மறுமுனையை அதன் இடத்தில் மாட்டி, மெஷினைப் போட்டாள். இப்போது டிஸ்கின் முதுகில் நடுக்கம் தெரிந்தது. சீரான, நல்ல நடுக்கம். திரையைப் பார்த்தாள். டிஸ்க் இன்னும் வரவில்லை.

மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனாள். சிலர் உபயோகமில்லாத போர்ட்டுகளை அங்கேயே அணைத்து வைத்துவிடுவார்கள். வரிசையாகப் பார்த்தாள். ஆறும் திறந்தே இருந்தன. ஒன்றிலிருந்து நான்கு வரை பெயர்கள் இருந்தன. ஐந்து, காலி. ஆறு, காலி. டேட்டா கேபிளை மாற்றிப் பார்த்தாள். ஐந்திலிருந்து ஆறுக்குத் தாவிப் பார்த்தாள். காலி என்றால் காலிதான்.

அதற்குள் டாக்டர் எழுந்து முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போய் வந்திருந்தார். அவர் பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

"சத்தம் கேட்டுச்சே, என்ன விழுந்தது?"

"தகடு, சார்."

"தகடா, டிஸ்கா?" என்றார் டாக்டர். புதிய டிஸ்கின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, துக்க வீட்டுக் குரலில் அறிவித்தார். "சுத்துது. ஆனா உள்ள படிக்கிற தலை போயிடுச்சு. விழுந்த கேசு."

"விழுந்த டிஸ்க் டக்டக்னு அடிச்சுக்கும். இது அடிக்கல. நல்லாச் சுத்துது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

முதலாளி கையை உயர்த்தினார். அவருக்கு உண்மை தேவைப்படவில்லை. மதியத்துக்குள் ஒரு பதில் தேவைப்பட்டது. "கடைசியா யார் கை பட்டது?"

"என் கை."

"அப்புறம் என்ன பேச்சு? மேடம் வருவாங்க. கை தவறிடுச்சுன்னு நீயே சொல்லிடு. அவங்களும் பொம்பள, உன்னைப் பாத்தா பாவம்னு விட்டுடுவாங்க. டிஸ்க் விஷயத்தை நான் பாத்துக்கிறேன். நாளையிலிருந்து நீ கவுண்டரைப் பாத்துக்கோ."

அவ்வளவுதான். ஒரே மூச்சில் அவளுக்குப் பொய்யும் தண்டனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"விழாததை விழுந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், சார்."

"என்ன?"

"காது கேக்கலையா? சொல்ல மாட்டேன்."

கடையில் அந்தத் தொனியில் அவரிடம் யாரும் பேசியதில்லை. டாக்டர்கூட ஒரு கணம் வாளியைப் பார்த்துக்கொண்டார். முதலாளி கைப்பேசியை எடுத்துக் கீழே கூப்பிட்டார்.

கீழே வளாகத்தின் வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அப்பா. விசிலும் கையுமாக நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வேலை. இந்தக் கடையில் இடம் இருப்பதாகத் தெரிந்து அவளைக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். மகள் வாயை அடைக்க முடியாவிட்டால் அப்பன் தலையைக் குனிய வைத்தால் போதும் என்பதும் தெரியும்.

அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே செருப்பை விட்டார். உள்ளே இருந்தவர்கள் யாரும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

"உங்க பொண்ணு ஒரு வாடிக்கையாளர் பொருளை உடைச்சிட்டு, உடைக்கலன்னு சாதிக்குது. எதிர்த்து வேற பேசுது. நீங்களே கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

"ஐயா, சின்னப் பிள்ளை, தெரியாம ஏதாவது…" அவர் கைகள் தானாகவே கூப்பப் போயின.

"அப்பா, கையைக் கீழ போடுங்க."

"ஏம்மா, ஐயா சொல்றாருல்ல…"

"நான் உடைக்கல. உடைச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் முன்னாடி ஒரு தப்பு பண்ணேன், பண்ணேன்னு சொன்னேன், கேட்டுப் பாருங்க. இதை நான் பண்ணல. நீங்க கும்பிட்டா பண்ணதா ஆயிடும்."

அப்பா மகளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு கைகளைப் பிரித்துத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார். தொப்பி தலையில் இருந்தால் அவர் வேறு ஆள். கார்க்காரர்களையே பின்னால் போகச் சொல்கிறவர். "அவ பண்ணலங்கறா, ஐயா" என்றார். "அவ பாக்கட்டும், என்னன்னு சொல்றாளான்னு பாப்போமே."

"மேடம் வர்ற வரைக்கும் பாக்கட்டும்" என்றார் முதலாளி, சலிப்போடு. "அதுக்கப்புறம் நான் சொல்றதுதான்."

அவள் மெஷினை அணைத்து, சுவரிலிருந்து ஒயரையும் பிடுங்கினாள். டிஸ்க் செத்ததா, போர்ட் செத்ததா? அதை முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காக ஓடுகிற பழைய டிஸ்க் ஒன்றை மூன்றாவது போர்ட்டிலிருந்து கழற்றி ஐந்தாவதில் மாட்டினாள். புதிய டிஸ்கை அந்த மூன்றாவதில் மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

திரையில் மூன்றாவது வரியில் புதிய டிஸ்கின் பெயர் முழுசாக வந்து நின்றது. பழைய டிஸ்கைக் காணோம்.

"பாருங்க. செத்தது எழுந்து வந்துடுச்சு" என்றாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். தோற்றுப்போன முகம் ஒரு நொடிதான். "அப்போ போர்ட்டையும் உடைச்சிட்டியா?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

"அஞ்சும் போச்சு, ஆறும் போச்சு. ஒரே நாள்ல ரெண்டையும் நான் உடைச்சிட்டேன். கை வெச்சா உடையுற கை. கட்டடம் இன்னும் நிக்குதேன்னு சந்தோஷப்படுங்க." பேசிக்கொண்டே அவள் போர்டைப் பார்த்தாள். ஒன்று முதல் நான்கு வரை நன்றாக இருக்கிறது. ஐந்தும் ஆறும் மட்டும், இரண்டும் சேர்ந்து, ஊமை. தனித்தனியாகக் கெட்டுப்போகிற பொருள் இப்படி ஜோடி போட்டுக்கொண்டு கெட்டுப்போகாது. ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்து அடைத்திருக்க வேண்டும். இந்த மெஷினில் புதிதாக வந்தது என்ன? இந்த டிஸ்க் இன்றுதான் வந்தது. அதற்கு முன் வந்தது?

அவள் பார்வை போர்டின் அடிப்பக்கத்தில் படுத்திருந்த குச்சி டிஸ்கில் போய் நின்றது.

மறுபடி அணைத்தாள், ஒயரைப் பிடுங்கினாள். குச்சியின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்ற, அது மெல்லத் தலை தூக்கியது. உருவி ஓரமாக வைத்தாள்.

"ஏய், அது நான் போட்டது!" என்றார் டாக்டர்.

"தெரியும்."

ஸ்விட்ச். திரை. ஐந்தாவது வரியில், காலி என்று இருந்த இடத்தில், பழைய டிஸ்க் வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் அதோடு விடவில்லை. அணைத்து, குச்சியைத் திரும்பச் செருகி, மறுபடி போட்டாள். ஐந்தாவது மறைந்தது. திரையைக் கையால் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோ மேடம் உள்ளே வந்தார், தோளில் பையும் காதில் கைப்பேசியுமாக. "ரெடியா? என்ன, கூட்டம் போட்டிருக்கீங்க? என் மெஷினுக்கு என்ன ஆச்சு?"

முதலாளி முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல மேடம், சின்ன…"

"புது டிஸ்க் தெரியாம இருந்தது, மேடம்" என்றாள் அவள். "உங்க போர்டுல குச்சி இடத்துக்கும், அஞ்சு ஆறு போர்ட்டுக்கும் உள்ள ஒரே பாதைதான். குச்சியைச் செருகினா அந்தப் பாதையை அது எடுத்துக்கும், அஞ்சும் ஆறும் தானா அடைஞ்சிடும். போன வாரம் குச்சி போட்டப்போ அங்க ஒண்ணும் மாட்டியிருக்கல, அதனால யாருக்கும் தெரியல."

"பாதையா?" மேடம் புருவத்தைச் சுருக்கினார்.

அப்பா முன்னால் வந்தார். "நம்ம பார்க்கிங்ல தூணுக்குப் பின்னாடி ரெண்டு இடம் இருக்கே, அது மாதிரியாம்மா? முன்னாடி ஒரு வண்டி நின்னா, பின்னாடி காலியா இருந்தும் ஒருத்தனும் உள்ள போக முடியாது. இடம் இல்லாம இல்ல, வழி இல்ல."

"அதேதான்ப்பா."

"தினம் அங்கதான் எனக்குச் சண்டையே" என்று மேடத்திடம் விளக்கம் சொன்னார் அப்பா.

மேடம் சிரித்துவிட்டார். "புரிஞ்சுபோச்சு. இப்ப என்ன பண்ணலாம்? எனக்குக் குச்சியும் வேணும், டிஸ்கும் வேணும்."

"நாலாவது போர்ட்ல டி.வி.டி. டிரைவ் இருக்கு. அது வேணுமா?"

"அதுவா? அந்தத் தட்டை வெளிய இழுத்து டீ டம்ளர்தான் வெச்சிருக்கேன். இப்ப யார் டி.வி.டி. கேக்கறாங்க? பிடுங்கி எறி."

அவள் டி.வி.டி. டிரைவின் கேபிளை எடுத்துப் பழைய டிஸ்குக்குக் கொடுத்தாள். புதியது மூன்றிலேயே இருந்தது. குச்சி தன் இடத்தில். ஸ்விட்சைப் போட்டாள். இந்தத் தடவை எல்லாப் பெயர்களும் வந்தன. புதிய டிஸ்கைத் தயார் செய்து, ஒரு பெரிய வீடியோவை அதில் போட்டு ஓட்டியும் காட்டினாள். யாரோ ஒரு மணமகள் யாரையோ பார்த்து முறைத்தாள்.

"வேற எங்கயாவது போயிருந்தா அவனவன் மெஷினையே மாத்தச் சொல்லியிருப்பான்" என்றார் மேடம். "யாரு கண்டுபிடிச்சது?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "எங்க டீம்தான், மேடம். நாங்க எல்லாரும் சேர்ந்து…"

"ஒரு நிமிஷம், சார்." அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்த மெஷின்ல கடைசியா யார் கை பட்டது?"

முதலாளி மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"டிஸ்க் தெரியாதப்போ கேட்டீங்க. என் கைன்னு சொன்னேன். இப்ப தெரியுது. இப்பவும் கேளுங்க."

மேடம் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். அப்பா தொப்பியைச் சரி செய்துகொண்டார். முதலாளி சிரிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டார். "சரி சரி, உன் கைதான். யாரு இல்லன்னாங்க? பழசை விடு."

"விட மாட்டேன். விழுந்துச்சுன்னு பொய் சொல்லச் சொன்னீங்க. எங்கப்பாவை மேல கூப்பிட்டீங்க. அந்தச் சட்டம் இருக்கணும்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். இல்லன்னா அதைத் தூக்கி அந்த வாளியில போடுங்க. அங்கதான் பொருந்தாதது எல்லாம் கிடக்கு."

டாக்டர் வாயைத் திறந்தார். "பாப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"குச்சி போட்டது தப்பில்ல, அண்ணே. போட இடம் அது ஒண்ணுதான் இருந்தது. போட்டா எது அடையும்னு பாக்காததுதான் தப்பு. நான் கேபிள் முனையைப் பாக்காத மாதிரி. நான் என்னுதைச் சொல்லிட்டேன்."

டாக்டர் வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். சொல்லவில்லை. தன் தப்பைச் சொல்லுவார் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

மேடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக, அப்பா அவருக்கு வண்டி எடுத்துக் கொடுக்கக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முதலாளியைப் பார்த்து, "வரேன், சார்" என்றார். அந்த 'ஐயா' காணாமல் போயிருந்தது. படியிறங்கும்போது விசிலை ஒரு தடவை ஊதிக்கொண்டார். கட்டடத்துக்குள் ஊதும் வழக்கம் அவருக்கு இல்லை.

கடை பழையபடி அமைதியானது. அவள் மேசையைத் துடைத்து, அடுத்த மெஷினை இழுத்து வைத்தாள். தன் ஓரத்தில் இல்லை, நடுவில். டாக்டரின் பீங்கான் கோப்பையும் திருகாணி டப்பாவும் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது. நகர்த்தினாள்.

முன்னால் கவுண்டரில் யாரோ நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினார்கள். "பென் டிரைவ் இருக்குங்களா?"

முதலாளி பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் போய்ப் பாரேன்."

அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையில் ஒரு ஸ்க்ரூ சுழன்று மேலே வந்துகொண்டிருந்தது.

"டாக்டர் சும்மாதான் இருக்கார், சார்" என்றாள்.